ஒரு கட்டம் குறைந்த சதுரங்கப் பலகை

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள். அவற்றில் ஏதோ ஒன்றை நீக்கிவிட்டால் மீதி 63. மூன்று கட்டங்களைச் சேர்த்து 'ட' எழுத்தைப் போல வெட்டிய அட்டைத் துண்டுகள் நம்மிடம் இருக்கின்றன. 21 துண்டுகளால் அந்த 63 கட்டங்களையும் இடைவெளி விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் மூட முடியுமா?

முடியும். எந்தக் கட்டத்தை நீக்கினாலும் முடியும். அமெரிக்கக் கணித அறிஞர் சாலமன் கோலோம் 1954-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு அழகான நிரூபணம் தந்தார். 'ட' வடிவத் துண்டுக்கு டிரோமினோ என்று பெயர்.

முதலில் 2×2 பலகையைப் பாருங்கள். நான்கு கட்டங்களில் எதை எடுத்தாலும் மிஞ்சும் மூன்றும் 'ட' வடிவம்தான். ஒரே துண்டில் வேலை முடிந்தது.

இனி 8×8. மேலிருந்து 3-வது வரிசையில், இடமிருந்து 6-வது கட்டத்தை நீக்கியதாகக் கொள்வோம். பலகையை நான்கு 4×4 கால்பகுதிகளாகப் பிரித்தால், ஓட்டை வலது மேல் கால்பகுதியில் இருக்கும். மற்ற மூன்றும் முழுதாக இருக்கின்றன. சிக்கலும் அதுதான்: ஒவ்வொன்றிலும் 16 கட்டங்கள், 16 மூன்றால் வகுபடாது. ஆகவே அவற்றைத் தனித்தனியாக மூட வழியில்லை.

பலகையின் நடுப்புள்ளியைச் சுற்றி நான்கு கட்டங்கள் உண்டு, கால்பகுதிக்கு ஒன்றாக. வலது மேல் கட்டத்தை விட்டுவிட்டு, மற்ற மூன்றின்மேல் ஒரு துண்டை வையுங்கள். முழுதாக இருந்த மூன்று கால்பகுதிகளும் இப்போது ஆளுக்கொரு கட்டத்தை இழந்துவிட்டன. கையில் இருப்பது ஒரு கட்டம் குறைந்த நான்கு 4×4 பலகைகள்.

ஒவ்வொன்றிலும் இதையே திரும்பச் செய்கிறோம். வலது மேல் கால்பகுதியை நான்கு 2×2 ஆகப் பிரித்தால், ஓட்டை அதன் இடது கீழ்ப் பகுதியில் விழுகிறது. மற்ற மூன்று பகுதிகளும் நடுவில் சந்திக்கும் மூன்று கட்டங்களில் ஒரு துண்டு. பிறகு ஒவ்வொரு 2×2-க்கும் ஒரு துண்டு. ஆக, 4×4-க்கு ஐந்து துண்டுகள்; முழுப் பலகைக்கு 1 + 4×5 = 21.

16×16 பலகை நான்கு 8×8 ஆகப் பிரியும்; அதற்கு 1 + 4×21 = 85 துண்டுகள். பக்கத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனாலும் வாதம் மாறாது. பள்ளிக் கணிதத்தில் வரும் கணிதத் தொகுத்தறிதல் இதுவே.

பாதியாக்க முடியாத 5×5 பலகையில் இந்த வழி நின்றுவிடும். ஒரு கட்டத்தை நீக்கினால் 24; மூன்றால் வகுபடுகிறது, எட்டுத் துண்டுகள் போதும்போலத் தோன்றும். ஆனால் 1, 3, 5-வது வரிசைகளில் 1, 3, 5-வது கட்டங்களுக்கு மட்டும் புள்ளி வையுங்கள். மொத்தம் 9 புள்ளிகள். எந்த 'ட' துண்டும் இவற்றில் இரண்டைத் தொட முடியாது. புள்ளியில்லாத கட்டத்தை நீக்கினால் 9 புள்ளிகளை மூட 9 துண்டுகள் வேண்டும், இருப்பதோ 8. வகுத்தல் சரியாக வந்தால் மட்டும் போதாது; எந்தக் கட்டம் போனது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.