தக்காளியை ஏன் தனியே எடுத்து வைக்கிறார்கள்?

2023 ஜூலையில் தக்காளி விலை, அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையோடு ஒப்பிட்டால் மூன்று மடங்காகிவிட்டது. சென்னையில் நியாயவிலைக் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டியிருந்தது. ஜூனில் 4.87 சதவீதமாக இருந்த நாட்டின் சில்லறைப் பணவீக்கம் ஒரே மாதத்தில் 7.44 சதவீதத்துக்குத் தாவியது. ஆனால் பொருளாதார நிபுணர்கள் பார்க்கும் இன்னொரு எண், அதே ஜூலையில் 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே அமைதியாக இருந்தது.

ஒரே மாதத்துக்கு எப்படி இரண்டு பணவீக்கம்?

ஒரு குடும்பம் வாங்குகிற எல்லாவற்றையும் சேர்த்து, சென்ற ஆண்டு இதே மாதத்தைவிட விலை எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது ஹெட்லைன் பணவீக்கம். 7.44 என்பது அதுதான். இதிலிருந்து உணவுப் பொருள்களையும், சமையல் எரிவாயு, மின்சாரம் போன்றவற்றையும் எடுத்துவிட்டு மீதியை மட்டும் கணக்கிட்டால் கிடைப்பது கோர் பணவீக்கம். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, துணிமணி, பேருந்துக் கட்டணம், முடிவெட்டும் கூலி எல்லாம் இந்த மீதியில் வரும். அப்போது நடைமுறையில் இருந்த, 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கில், உணவுக்கும் எரிபொருளுக்கும் சேர்த்து நூற்றில் ஏறத்தாழ 53 பங்கு. எடுத்து வைப்பது பாதிக்கும் மேல்.

தக்காளி ஒன்றால் இவ்வளவு ஏற்றம் வருமா?

அந்தக் கணக்கில் தக்காளியின் பங்கு 0.57 சதவீதம்தான். ஆனால் அதன் விலை ஓராண்டில் ஏறத்தாழ 200 சதவீதம் கூடியிருந்தது. 0.57-ஐ 2-ஆல் பெருக்கினால் 1.14. அதாவது, தோராயமாகச் சொன்னால், 7.44-இல் ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் தக்காளி ஒன்று மட்டுமே போட்டது. மற்ற காய்கறிகளும் பருப்பும் அரிசியும் தங்கள் பங்குக்குச் சேர்த்தன.

சாப்பாட்டை விட்டுவிட்டு என்ன பணவீக்கம்?

இந்தக் கோபம் நியாயமானது. மளிகைச் செலவு உண்மை, அதை யாரும் மறுக்க முடியாது. கோர் எண், குடும்பம் என்ன செலவழிக்கிறது என்பதைச் சொல்ல வந்ததல்ல. இந்த ஏற்றம் நீடிக்குமா, தணிந்துவிடுமா என்று ஊகிக்க உதவும் எண் அது.

தக்காளி நாற்று நட்டால் இரண்டு மூன்று மாதங்களில் காய் பறிக்கலாம். விலை ஏறியதும் விவசாயிகள் கூடுதலாக நடுகிறார்கள், வரத்து பெருகுகிறது, விலை சரிகிறது. 2023-இலும் அதுவே நடந்தது. செப்டம்பரில் ஹெட்லைன் 5.02 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தினால், அதன் விளைவு முழுதாகத் தெரிய ஓராண்டுபோல ஆகும். மழையால் அழிந்த பயிரை வட்டி விகிதம் மீட்டுத் தராது. தக்காளிக்காக வட்டியை ஏற்றியிருந்தால், தக்காளி மலிந்த பிறகு வீட்டுக்கடன் வாங்கியவரும் சிறுதொழில் நடத்துபவரும் அதன் சுமையைத் தாங்கியிருப்பார்கள். அந்த ஆகஸ்ட், அக்டோபர் கூட்டங்களில் ரெப்போ வட்டி 6.5 சதவீதத்திலேயே நிறுத்தப்பட்டது.

பெட்ரோலும் இப்படி ஒதுக்கப்படுகிறதா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கில் வாகனத்துக்குப் போடும் பெட்ரோலும் டீசலும் போக்குவரத்துப் பிரிவில் இருந்தன. அதனால் அவை வழக்கமான கோர் கணக்குக்குள்ளேயே வந்தன. அவற்றையும் நீக்கி வேறொரு கோர் எண் போடுபவர்கள் உண்டு.

ரிசர்வ் வங்கியின் இலக்கு எது?

ஹெட்லைன்தான். 4 சதவீதம், மேலும் கீழும் இரண்டு புள்ளி வரை இடைவெளி. கோர் எண் அதற்குத் துணை மட்டுமே. 2024 ஜூலையில் வந்த பொருளாதார ஆய்வறிக்கை, உணவை நீக்கிய பணவீக்கத்தை இலக்காக வைக்கலாமா என்று யோசிக்கச் சொன்னது. ரிசர்வ் வங்கி அதற்கு இணங்கவில்லை. அது சரியென்றே நான் கருதுகிறேன்.

ஏன்? ஒதுக்குவது எப்போது தவறாகும்?

ஏற்றம் தணியாமல் இழுத்துக்கொண்டு போகும்போது. 2023 நவம்பர் முதல் 2024 ஜூன் வரை உணவுப் பணவீக்கம் மாதந்தோறும் 8 சதவீதத்துக்கு மேலேயே இருந்தது. தக்காளி தணிந்தபோது வெங்காயம், பருப்பு என்று ஒன்று மாற்றி ஒன்று ஏறியது. இப்படி மாதக்கணக்கில் நீடித்தால் சித்தாள் கூலி உயர்த்திக் கேட்பார், முடிதிருத்துபவர் கட்டணத்தைக் கூட்டுவார். ஒருமுறை ஏறிய கூலியும் கட்டணமும் தக்காளிபோல இறங்குவதில்லை. கோர் எண் மெல்ல ஏறத் தொடங்குவதுதான் இதற்கான அடையாளம். அந்த முறை அப்படி நடக்கவில்லை. கோர் சுமார் 3 சதவீதத்துக்கு இறங்கியது. அப்படியிருந்தும் 2025 பிப்ரவரி வரை வட்டி குறைக்கப்படவில்லை.

கோர் எண்ணும் ஏமாற்றும். 2025 அக்டோபரில் காய்கறி விலைச் சரிவால் ஹெட்லைன் 0.25 சதவீதமாக இருந்தது. கோரோ 4 சதவீதத்துக்கு மேல். அதைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு தங்கத்துக்கு. நகை உணவுமல்ல, எரிபொருளுமல்ல என்பதால் கோரில் சேர்கிறது, ஆனால் அதன் விலை உலகச் சந்தையில் காய்கறியைப் போலவே குதிக்கிறது. அதனால் நிபுணர்கள் இப்போது தங்கத்தையும் வெள்ளியையும் நீக்கிவிட்டு இன்னொரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.