பீம் சுமைக் கணக்கு: பாடக் குறிப்பைச் சரிபார்ப்புப் பட்டியலாக்கும் முறை

கட்டமைப்புப் பொறியியல் வகுப்பில் பீம் பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கிறது. முதலில் சுமை வகைகள் வரும். பிறகு தாங்கிகள், ஷியர் விசை, பெண்டிங் மொமென்ட் ஆகியவை வந்து, கடைசியில் w × L² / 8 போன்ற சூத்திரங்கள் வருவிக்கப்படும். ஒரு கருத்திலிருந்து அடுத்தது எப்படிப் பிறக்கிறது என்று காட்ட இந்த வரிசை ஏற்றது. கணக்குப் போட உட்காருபவரின் முன்னால் இருப்பதோ ஒரு கட்டட வரைபடம். ஸ்லாபின் தடிமன், பீமின் நீளம், அறையின் பயன்பாடு ஆகியவை அதில் இருக்கும். W எவ்வளவு என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதைக் கண்டுபிடிப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. பாடத்திலோ, "ஒரு மீட்டருக்கு w என்ற சீரான சுமை இருப்பதாகக் கொள்வோம்" என்ற ஒரே வரியில் அது கடந்துபோயிருக்கும்.

அதனால் பாடக் குறிப்பை அப்படியே சுருக்கி எழுதினால் நல்ல பட்டியல் கிடைக்காது. குறிப்பிலுள்ள வாக்கியங்களைத் தரம் பிரித்து, கணக்கு நகரும் வரிசையில் மறுபடி அடுக்க வேண்டும்.

வாக்கியங்களைப் பிரித்தல்

பாடத்தில் வரும் பெரும்பாலான வாக்கியங்கள் மூன்று வகைக்குள் அடங்கும்.

முதல் வகை, ஓர் அளவைக் கேட்பவை. "பீம் தன் சொந்த எடையையும் தாங்குகிறது" என்ற வாக்கியம் பட்டியலில் "சொந்த எடை எவ்வளவு?" என்ற கேள்வியாக மாறும். விடைக்கான இடத்தில் எண்ணோடு அலகும் எழுதப்பட வேண்டும்.

இரண்டாம் வகை, நிபந்தனைகள். w × L² / 8 என்ற சூத்திரம், இரு முனைகளிலும் எளிதாகத் தாங்கப்பட்ட பீமின் முழு நீளத்திலும் ஒரே அளவான சுமை பரவியிருந்தால் மட்டுமே உச்ச மொமென்டைத் தரும். வகுப்பில் இது வருவிப்பின் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லப்பட்டு மறைந்துவிடும். பட்டியலில் இது 'ஆம், இல்லை' கேள்வியாகச் சூத்திரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். 'இல்லை' என்ற விடை வந்தால் அந்தச் சூத்திரத்தைத் தொடக்கூடாது.

மூன்றாம் வகை, இரண்டு அளவுகளை இணைக்கும் உறவுகள். மேல்நோக்கிய எதிர்விசைகளின் கூட்டுத்தொகை மொத்தச் சுமைக்குச் சமம் என்பது ஒன்று. ஷியர் வரைபடத்தின் பரப்பு, மொமென்டில் ஏற்படும் மாற்றத்துக்குச் சமம் என்பது இன்னொன்று. வருவிப்பில் இடைப்படிகளாக வந்த இவை பட்டியலின் இறுதியில் சரிபார்ப்புகளாக மாறுகின்றன. ஒரே விடையை வேறு வழியில் அடைய உதவுவதால், மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இந்த வரிகளே பட்டியலில் அதிகம் பயன்படுகின்றன.

ஒரு வீட்டுத் தளத்தின் பீம்

பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு வீட்டின் தளத்தில் பீம்கள் 2.5 மீட்டர் இடைவெளியில் இணையாகச் செல்கின்றன. ஒவ்வொன்றின் நீளமும், தாங்கியின் மையத்திலிருந்து மையம் வரை, 6 மீட்டர். ஸ்லாபின் தடிமன் 120 மில்லிமீட்டர். பீமின் அகலம் 230 மில்லிமீட்டர். ஸ்லாபையும் சேர்த்து மொத்த ஆழம் 500 மில்லிமீட்டர். பீமின் மேல் சுவர் இல்லை. நடுவிலுள்ள ஒரு பீமைக் கணக்கிட வேண்டும்.

முதல் கேள்வி, சுமை எந்த வழியாக இறங்குகிறது என்பது. ஸ்லாப் கட்டத்தின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 6 / 2.5 = 2.4. இது 2-ஐவிட அதிகம் என்பதால் ஸ்லாப் ஒருவழி ஸ்லாபாகக் கொள்ளப்படுகிறது. சுமை குறுகிய திசையில் நகர்ந்து பீம்களுக்கு வருகிறது. இருபுறமும் பாதிப் பாதியாக, நடு பீமுக்கு 2.5 மீட்டர் அகலத் தளத்தின் சுமை சேரும். இந்த விகிதம் 2-க்குள் இருந்திருந்தால் ஸ்லாப் இருவழியாகச் சுமையைப் பகிரும். நீண்ட பீமுக்குச் சரிவக வடிவிலும் குறுகிய பீமுக்கு முக்கோண வடிவிலும் சுமை வரும். அப்போது சீரான சுமைக்கான சூத்திரம் நேரடியாகப் பொருந்தாது.

இரண்டாவது கேள்வி, ஒரு சதுர மீட்டர் தளத்தில் எவ்வளவு சுமை என்பது. இரும்புக்கம்பி இட்ட கான்கிரீட்டின் எடையை ஐ.எஸ். 456 விதிநூல் ஒரு கனமீட்டருக்கு 25 கிலோநியூட்டன் எனக் கொள்ளச் சொல்கிறது. குடியிருப்பு அறைகளுக்கான பயன்பாட்டுச் சுமையை ஐ.எஸ். 875 சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் என்கிறது. தரைப் பூச்சுக்கும் ஓட்டுக்கும் இந்தக் கணக்கில் 1 கிலோநியூட்டன் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

```
ஸ்லாப்:     0.12 m × 25 kN/m³ = 3.0 kN/m²
தரைப் பூச்சு:                    1.0 kN/m²
பயன்பாடு:                       2.0 kN/m²
மொத்தம்:                        6.0 kN/m²
```

முதல் வரியில் அலகுகளும் எண்களோடு பெருக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். கனமீட்டருக்கான எடையை மீட்டரால் பெருக்கியதால் சதுர மீட்டருக்கான எடை கிடைத்தது. தடிமனை 120 என்றே எழுதிப் பெருக்கினால் 3000 வரும். அலகோடு எழுதுபவருக்கு மில்லிமீட்டர் மாறாமல் நிற்பது உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்வி, பரப்பின் மேலுள்ள சுமை பீமின் ஒவ்வொரு மீட்டருக்கும் எவ்வளவாகிறது என்பது.

```
தளத்திலிருந்து:  6.0 kN/m² × 2.5 m              = 15.0 kN/m
பீமின் எடை:     0.23 m × 0.38 m × 25 kN/m³     =  2.2 kN/m
மொத்தம் w:                                       17.2 kN/m
```

பீமின் எடைக்கு 500 மில்லிமீட்டர் ஆழத்தை எடுக்கவில்லை. மேலே உள்ள 120 மில்லிமீட்டர் ஏற்கெனவே ஸ்லாபின் எடையில் சேர்ந்துவிட்டது. மீதி 380 மட்டுமே கணக்கில் வரும்.

நான்காவது, பாதுகாப்புக் காரணி. வலிமைக்கான கணக்கில் நிலைச் சுமையும் பயன்பாட்டுச் சுமையும் 1.5-ஆல் பெருக்கப்படுகின்றன. எனவே w = 25.8 kN/m. இந்தப் பெருக்கலைப் பட்டியலின் ஒரே இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். சுமையிலும் பெருக்கி, பிறகு மொமென்டிலும் பெருக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஐந்தாவது, நிபந்தனைக் கேள்விகள். எளிய தாங்கிகளா? ஆம். முழு நீளத்துக்கும் சீரான சுமையா? ஆம். இப்போதுதான் சூத்திரத்தின் முறை வருகிறது.

```
V = w × L / 2  = 25.8 kN/m × 6 m / 2    = 77.4 kN
M = w × L² / 8 = 25.8 kN/m × 36 m² / 8  = 116.1 kN·m
```

அலகு பிடிக்கும் பிழை

மூன்றாவது கேள்வியைத் தாண்டிப்போன ஒருவர், சதுர மீட்டருக்கான 6-ஐயே w என்று நினைத்துச் சூத்திரத்தில் இடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 6 × 36 / 8 = 27. எண்ணை மட்டும் பார்த்தால் இதில் சந்தேகப்பட எதுவுமில்லை. அலகையும் எழுதினால் kN/m² × m² = kN என்று வருகிறது. மொமென்டின் அலகு கிலோநியூட்டன்-மீட்டர். விடையாக வெறும் விசை வந்திருப்பதால், எங்கோ ஒரு நீளம் விடுபட்டிருக்கிறது என்று தெரிகிறது. விடுபட்டது பீம்களுக்கிடையே உள்ள 2.5 மீட்டர்.

தொய்வுக் கணக்கில் இந்தச் சோதனை இன்னும் அவசியமாகிறது. நீளம் அங்கே நான்காம் அடுக்கில் வருகிறது. மீட்டரையும் மில்லிமீட்டரையும் கலந்தால் விடை பல கோடி மடங்கு மாறிவிடும். எல்லாவற்றையும் நியூட்டனுக்கும் மில்லிமீட்டருக்கும் மாற்றிக்கொள்வது நல்லது. மீட்டருக்கு ஒரு கிலோநியூட்டன் என்பது மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டனேதான் என்பதால் சுமையின் எண் மாறாது. தொய்வுக்கு 1.5-ஆல் பெருக்காத சுமையே எடுக்கப்படும்.

```
தொய்வு = 5 w L⁴ / (384 E I)
w = 17.2 N/mm,  L = 6000 mm,  E = 25000 N/mm²
I = 230 × 500³ / 12 = 2.396 × 10⁹ mm⁴
அலகு: (N/mm × mm⁴) / (N/mm² × mm⁴) = mm
விடை: சுமார் 4.8 mm
```

இங்கே E என்பது எம்25 கான்கிரீட்டுக்கான மதிப்பு. நீளத்தை 250-ஆல் வகுத்தால் வரும் வரம்பு 24 மில்லிமீட்டர். ஆனால் கிடைத்த 4.8 மில்லிமீட்டர், வெடிப்பு விழாத பீமின் உடனடித் தொய்வு மட்டுமே. வெடிப்பும், ஆண்டுக்கணக்கில் சுமை நிற்பதால் கான்கிரீட் மெல்ல இளகிக் கொடுப்பதும் உண்மையான தொய்வைக் கூட்டும். வரம்போடு ஒப்பிடும் முன் அவற்றையும் கணக்கிட வேண்டும் என்ற குறிப்பு பட்டியலில் இருக்க வேண்டும்.

அலகு பிடிக்காத பிழை

8 என்ற வகுஎண்ணுக்கு அலகு கிடையாது. 1.5-க்கும் கிடையாது. 8-க்குப் பதில் 12 போட்டாலும், 1.5-ஐ மறந்தாலும், ஸ்லாபின் ஒரு பக்கச் சுமையை மட்டும் எடுத்தாலும் அலகு சரியாகவே வரும். இந்தப் பிழைகளைப் பிடிக்கத்தான் மூன்றாம் வகை வாக்கியங்கள் தேவைப்படுகின்றன.

முதல் சோதனை மொத்தச் சுமை. பீம் தாங்கும் தளத்தின் பரப்பு 2.5 × 6 = 15 சதுர மீட்டர்; அதன் சுமை 90 கிலோநியூட்டன். பீமின் எடை 2.2 × 6 = 13.2. கூட்டினால் 103.2, காரணியோடு 154.8 கிலோநியூட்டன். இரண்டு தாங்கிகளின் எதிர்விசை 77.4 + 77.4 = 154.8. இரண்டும் ஒத்துப்போகின்றன. இரண்டாவது சோதனை ஷியர் வரைபடத்தின் பரப்பு. தாங்கியில் 77.4 ஆக இருக்கும் ஷியர், 3 மீட்டர் தள்ளி நடுவில் பூஜ்யமாகிறது. அந்த முக்கோணத்தின் பரப்பு 77.4 × 3 / 2 = 116.1 கிலோநியூட்டன்-மீட்டர். 8-க்குப் பதில் 12 போட்டிருந்தால் சூத்திரம் 77.4 kN·m என்று காட்டியிருக்கும். பரப்போடு அது ஒத்துப்போயிருக்காது.

சுமை இறங்கும் வழியை முதல் கேள்வியாக வைப்பதற்கும் இதே காரணம்தான். 1981 ஜூலையில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜன்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தனர். மேல், கீழ் என இரண்டு நடைபாதைகளையும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட கம்பி தாங்கும்படி முதலில் வரையப்பட்டிருந்தது. பிறகு அது இரண்டு கம்பிகளாக மாற்றப்பட்டு, கீழ் நடைபாதை மேல் நடைபாதையின் பீமிலிருந்து தொங்கவிடப்பட்டது. அதனால் மேல் பீமின் இணைப்பில் சுமை இருமடங்கானது. இரண்டு என்ற பெருக்கத்துக்கு அலகு இல்லை. சுமை எதிலிருந்து எதற்கு மாறுகிறது என்று ஒவ்வொரு இணைப்பிலும் கேட்பதால் மட்டுமே அத்தகைய பிழை வெளிப்படும்.

பட்டியல்

1. சுமை எந்த வழியாக இறங்குகிறது? ஸ்லாப் ஒருவழியா, இருவழியா? பீமுக்குச் சேரும் அகலம் எவ்வளவு? அலகு: m.
2. தளத்தின் ஒவ்வொரு சுமையும் எவ்வளவு? அலகு: kN/m².
3. பீமின் மீட்டருக்கு எவ்வளவு? சொந்த எடையும், சுவர் இருந்தால் அதன் எடையும் சேர்ந்ததா? எதுவும் இருமுறை எண்ணப்பட்டதா? அலகு: kN/m.
4. வலிமைக்கு 1.5 ஒரே ஒருமுறை பெருக்கப்பட்டதா? தொய்வுக்குப் பெருக்காத சுமை தனியே குறிக்கப்பட்டதா?
5. சூத்திரத்தின் நிபந்தனைகள் எல்லாம் 'ஆம்' தானா? இல்லையெனில் நிறுத்தி வேறு முறைக்குப் போகவும்.
6. ஷியர் kN அலகிலும், மொமென்ட் kN·m அலகிலும், தொய்வு mm அலகிலும் வருகின்றனவா?
7. எதிர்விசைகளின் கூட்டுத்தொகை மொத்தச் சுமைக்குச் சமமா?
8. தாங்கியிலிருந்து ஷியர் பூஜ்யமாகும் இடம் வரையிலான ஷியர் வரைபடப் பரப்பு, எளிய தாங்கி பீமின் உச்ச மொமென்டுக்குச் சமமா?

பீமின் ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டிருந்தாலோ, நடுவில் இன்னொரு பீம் வந்து இறங்கினாலோ ஐந்தாம் கேள்வியில் கணக்கு வேறு சூத்திரத்துக்குத் திரும்பும். அலகுகளையும் எதிர்விசைகளையும் சோதிக்கும் ஆறாம், ஏழாம் கேள்விகள் அப்போதும் மாறாமல் பொருந்தும். ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட பீமில் எட்டாம் கேள்வியின் பரப்பை, பிடிக்கப்பட்ட முனையின் மொமென்டோடு ஒப்பிட வேண்டும்.