எத்தனை மூட்டை கொள்ளும் வண்டி வேண்டும்?

மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் கையில் ஒரு சிட்டையுடன் நம்மிடம் வந்தார். தீபாவளிக்கு முன் நான்கே நாளில் பத்துக் கடைகளுக்கு அவர் அரிசி அனுப்ப வேண்டியிருந்தது. வண்டி நாளொன்றுக்கு ஒரு நடைதான் போய்வர முடியும். மொத்தம் 95 மூட்டை. அதை நான்கால் வகுத்து, 24 மூட்டை கொள்ளும் வண்டியை அமர்த்திவிட்டார். நான்காம் நாள் நடை முடிந்தபோது கடைசி இரண்டு கடைகளின் 23 மூட்டையும் கிடங்கிலேயே கிடந்தன. அதில் ஒரு கடைக்காரர் வேறு மண்டியில் வாங்கிக்கொண்டார். "கணக்குச் சரியாகத்தானே போட்டேன்?" என்பது அவருடைய கேள்வி.

வகுத்தல் கணக்கு சரிதான். ஆனால் மூட்டைகள் தண்ணீர் போல் ஓடி வண்டியை நிரப்புவதில்லை. ஒரு கடையின் சரக்கை இரண்டாகப் பிரித்தால் இறக்குக் கூலியும் அலைச்சலும் இரட்டிப்பாகும். ஆகையால் அவர் பிரிப்பதில்லை. ஆர்டர் வந்த வரிசையையும் மாற்றுவதில்லை. முந்தியவருக்கு முதலில் என்பது அவர் கடையில் நெடுநாள் வழக்கம். இந்த இரண்டு கட்டுப்பாடுகளாலும் ஒவ்வொரு நாளும் வண்டியில் சிறிது இடம் காலியாகப் போகும். அந்தக் காலி இடம் வகுத்தல் கணக்கில் தெரியாது.

சிட்டையில் இருந்த வரிசை இது: 12, 7, 9, 14, 6, 11, 8, 5, 13, 10. நான்கு நாளில் முடிக்கப் போதுமான மிகச் சிறிய வண்டி எது? இதை நேரே கண்டுபிடிக்கச் சூத்திரம் கிடையாது. ஆனால் ஒரு வண்டியின் அளவைச் சொல்லி, "இது போதுமா, போதாதா?" என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம். வரிசைப்படி ஏற்றிக்கொண்டே போக வேண்டியது. அடுத்த கடையின் சரக்குக்கு இடமில்லை என்றால் அன்றைய நடையை முடித்து, மறுநாளுக்குப் போக வேண்டியது. வரிசை மாறாதபோது, ஒரு நாளில் ஏற்ற முடிந்ததை எல்லாம் ஏற்றிவிடுவதால் பின்னால் ஒருபோதும் நஷ்டம் வராது. ஆகவே இந்தச் சோதனை ஒன்றே போதும்.

அவருடைய 24 மூட்டை வண்டியையே சோதிப்போம். முதல் நாள் 12-ம் 7-ம் சேர்ந்து 19. அடுத்த 9-க்கு இடமில்லை. இரண்டாம் நாள் 9, 14 சேர்ந்து 23. மூன்றாம் நாள் 6, 11 சேர்ந்து 17. நான்காம் நாள் 8, 5 சேர்ந்து 13. மீதி 13-ம் 10-ம் ஐந்தாம் நாளுக்குத் தங்கிவிட்டன. இதைக் காகிதத்தில் முன்பே போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அப்படியானால் எந்தெந்த அளவைச் சோதிப்பது? இங்கே நமக்கு உதவும் உண்மை ஒன்று உண்டு. ஓர் அளவு போதும் என்றால் அதற்கு மேற்பட்ட எல்லா அளவும் போதும். போதாது என்றால் அதற்குக் கீழே எதுவும் போதாது. ஆகவே நடுவில் உள்ள அளவை ஒருமுறை சோதித்தால், வந்த விடையைக் கொண்டு பாதியை அப்படியே தள்ளிவிடலாம்.

கீழ் எல்லையாகச் சராசரியான 24-ஐ வைத்துக்கொள்வோம். ஒரே கடை 30 மூட்டை கேட்டிருந்தால் கீழ் எல்லை 30 ஆகியிருக்கும். சராசரி, மிகப் பெரிய ஆர்டர் இரண்டில் எது அதிகமோ அதுவே கீழ் எல்லை. மேல் எல்லை 95. அத்தனையும் ஒரே நடையில் போய்விடும். நடு அளவு 59. சோதித்தால் இரண்டே நாளில் முடிகிறது. ஆகவே மேல் எல்லை 59. அடுத்து 41, மூன்று நாளில் முடிகிறது. அடுத்து 32, சரியாக நான்கு நாள். அடுத்து 28, 28, 20, 24, 23 என்று இதுவும் நான்கே நாளில் முடிகிறது! அடுத்து 26, ஐந்து நாள் ஆகிறது, போதாது. எனவே கீழ் எல்லை 27 ஆகிறது. 27-ஐச் சோதித்தால் அதுவும் போதாது. கீழ் எல்லை 28-க்கு வந்து மேல் எல்லையோடு சேர்ந்துவிட்டது. விடை 28.

சராசரிக்கு மேல் இரண்டு மூட்டை கூட்டி 26 என்று எடுத்திருந்தாலும் தவறியிருப்பார் என்பதைக் கவனிக்க. "எதற்கும் இருக்கட்டும்" என்று 40 மூட்டை வண்டியை அமர்த்தியிருந்தால் வாடகை வீணாகியிருக்கும்.

இத்தனை சிறிய கணக்கில் 24, 25 என்று ஒவ்வொன்றாக ஏறிப் போனாலும் ஐந்தாவது சோதனையில் 28 வந்துவிடும். ஆறு சோதனை செய்து நாம் ஒன்றும் மிச்சப்படுத்தவில்லை. ஆனால் சர்க்கரை, பருப்பு, எண்ணெய் என்று கலந்த சரக்கைக் கிலோவில் கணக்கிடுவோர் நிலை வேறு. இதே பத்து ஆர்டரை மூட்டைக்கு 50 கிலோ வீதம் கிலோவில் எழுதினால் எல்லைகள் 1,200-லிருந்து 4,750 வரை. ஒவ்வொரு கிலோவாக ஏறினால் 1,400-ஐ அடைய 201 சோதனை. பாதி பாதியாகத் தள்ளினால் அதிகபட்சம் 12. கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர் இதே முறையைத்தான் எழுதச் சொல்ல வேண்டும்.

கையால் போடுவோர் தவறும் இடம் ஒன்று உண்டு. ஓர் அளவு போதாது என்று தெரிந்தால், கீழ் எல்லை அதற்கு அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். 27 போதாது என்று தெரிந்த பிறகும் 27-லேயே நிறுத்தினால், 27-க்கும் 28-க்கும் நடு மறுபடி 27 என்றே வந்து கணக்கு முடியாமல் சுற்றும். விடையைச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. சரியான விடை என்றால் ஏதாவது ஒரு நாளாவது வண்டி ஒரு மூட்டைக்கும் இடமின்றி முழுதாக நிறைந்திருக்கும். நம் கணக்கில் முதல் நாள் 12, 7, 9 சேர்ந்து 28. எந்த நாளும் நிறையவில்லை என்றால் இன்னும் சிறிய வண்டியே போதும்.

இந்த முறையை எங்கே நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். வரிசையை விட்டுவிட்டு, பெரிய ஆர்டரை முதலில் ஏற்றி, சிறியவற்றை எந்த நடையில் இடம் இருக்கிறதோ அதில் திணிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்போது "பெரிய வண்டி என்றால் நடை கூடாது" என்ற உண்மையே ஆட்டம் காணலாம். 44, 24, 24, 22, 21, 17, 8, 8, 6, 6 என்று ஆர்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 மூட்டை வண்டியில் 44, 8, 8 ஒரு நடை. 24, 24, 6, 6 ஒரு நடை. 22, 21, 17 ஒரு நடை. மூன்றும் நிறைந்து முடிந்துவிடுகிறது. 61 மூட்டை வண்டியிலோ 17 போய் முதல் நடையில் 44-உடன் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு 24, 24, 8 ஒன்று; 22, 21, 8, 6 ஒன்று; கடைசி 6 மூட்டைக்கு நான்காவது நடை! நம்பச் சிரமம்தான், நாமும் இருமுறை போட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டோம். வரிசை மாறாத இடத்தில் இந்த விபரீதம் நேராது.

வாடகைக்குக் கிடைப்பவை நான்கைந்து அளவு வண்டிகளே என்றால் எல்லா எண்ணையும் சோதிக்க வேண்டியதில்லை. கிடைக்கும் அளவுகளில் நடுவிலிருந்து தொடங்கலாம். நம் உறுப்பினருக்கு 25-ம் 30-ம் கொள்ளும் வண்டிகள்தான் கிடைக்கும். பொங்கலுக்கு 30-ஐச் சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் ஆர்டர்கள் வந்து சேர்ந்ததும் புதிய சிட்டையை வைத்து மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். வரிசையில் ஒரு கடை முன்பின்னானாலும் 28 என்பது மாறிவிடலாம்.