கொத்துச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்

மதுரையில் இரவு 8 மணிக்கு மேல் கொத்து பரோட்டாக் கடையைத் தேடி அலைய வேண்டாம். கல்லில் தட்டும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். தெருவோர உணவைப் படமெடுக்கும் யூடியூப் சேனல்காரர்களை இழுத்து வருவதும் அந்தச் சத்தம்தான். வீட்டுக்குப் போய் வீடியோவைப் போட்டுப் பார்த்தால், மாஸ்டர் பேசியதில் பாதி அதிலேயே அமுங்கிக் கிடக்கும். மிச்சத்தைப் பக்கத்து டீக்கடைப் பாட்டும் ஆட்டோ ஹாரனும் விழுங்கியிருக்கும்.

விலை உயர்ந்த கேமரா வாங்கினாலும் இது தீராது. பேசுகிறவரின் வாய்க்குப் பக்கத்தில் மைக் இருந்தால்தான் தீரும். முன்பின் தெரியாத ஒருவரை அவ்வளவு நெருக்கத்தில் யார் விடுவார்கள்? கடைக்காரரிடம் முறையாகக் கேட்டு, அவர் மனசு ஒப்பி நெருங்க விட்டால்தான் ஒலியும் நன்றாக அமையும்.

நெருக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணம் எளிது. வாயிலிருந்து மைக் இருக்கும் தூரம் இரு மடங்கானால், மைக்கை எட்டும் குரலின் அழுத்தம் பாதியாகிவிடும். தெருச் சத்தமோ நாலா பக்கமும் நிறைந்திருப்பது; மைக்கைக் கொஞ்சம் நகர்த்துவதால் அது குறையாது. 2 மீட்டர் தள்ளி நின்று செல்போனில் எடுப்பதற்குப் பதில், 20 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டால், அதே தெருச் சத்தத்துக்கு எதிரே மாஸ்டரின் குரல் சுமார் 10 மடங்கு ஓங்கி நிற்கும். இந்த லாபத்தை எந்த மென்பொருளும் பிறகு தந்துவிட முடியாது.

முதலில் போக வேண்டிய நேரம் இரவு அல்ல, மத்தியானம். 3, 4 மணி வாக்கில் மைதாவைப் பிசைந்து, ஊறவிட்டு, உருண்டை பிடித்து எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். அடுப்பு இன்னும் பற்றியிருக்காது, வாடிக்கையாளர் கூட்டமும் இருக்காது. மாஸ்டருக்குக் கேட்கவும் பேசவும் அவகாசம் உண்டு. கேமராவை வெளியே எடுக்காமல் பேச்சைத் தொடங்க வேண்டும்.

"அண்ணே, உங்க கடையை வீடியோ எடுக்கலாம்னு ஆசை. நீங்க சரின்னாத்தான்."

"எடுக்கலாம் தம்பி. ஆனா அப்புறமா எங்களுக்கு ஏதும் பிரச்சினை வந்துறாதே?"

இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழ் கைக்கு வராமலே கடை நடத்துகிறவர்கள் உண்டு. பெஞ்சு எதுவரை நீண்டிருக்கிறது, தள்ளுவண்டி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் வீடியோவில் பதிவாகிவிடும். அதனால் மொத்தமாக ஒரு "சரி" வாங்குவது போதாது. முகம் தெரியலாமா, பேர் சொல்லலாமா, இடத்தைக் காட்டலாமா, சால்னா வைப்பதை எடுக்கலாமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். சால்னா மசாலாதான் அவர் பிழைப்பு. அதற்கு மட்டும் வேண்டாம் என்றால் அதை விட்டுவிட வேண்டும். நாள் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியைக் கேட்கவே கூடாது. ஊரே பார்க்கும் வீடியோவில் அதைச் சொல்லிவிட்டு நாளைக்குக் கடனும் வாடகையும் பேச வேண்டியவர் அவர்.

அவர் சம்மதித்துவிட்டால் பேட்டியை அப்போதே, அந்த மத்தியான அமைதியிலேயே எடுத்துவிடலாம். மாஸ்டர் பெரும்பாலும் பனியனில் இருப்பார். மைக் குத்தச் சட்டைக் காலர் இருக்காது. பனியனின் கழுத்து விளிம்பில், நெஞ்சுக்கு நடுவாக மாட்ட வேண்டும். தோளில் கிடக்கும் துண்டில் மாட்டினால் அவர் முகம் துடைக்கும் போதெல்லாம் கரகரவென்று உரசும். மைக்கை நாம் போய்க் குத்தாமல், எங்கே என்று காட்டிவிட்டு அவரையே மாட்டிக்கொள்ளச் சொல்வது நல்லது. ஒயர்லெஸ் மைக்காக இருந்தால், அதன் சிக்னலை மனித உடம்பே மறைத்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மாஸ்டர் முதுகைக் காட்டித் திரும்பும்போது பேச்சு விட்டுவிட்டு வந்தால் காரணம் அதுதான். ரிசீவரை அவருக்கு நேர் எதிரே வைத்தால் சரியாகிவிடும். காதில் ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கொண்டே எடுத்தால்தான் இதெல்லாம் அங்கேயே தெரியவரும்.

இரவு வேலை வேறு மாதிரி. அப்போது பேட்டி கிடையாது, கல்லின் சத்தம் மட்டும்தான் வேண்டும். இரும்பில் இரும்பு மோதும் அந்தச் சத்தம் பேச்சைவிடப் பல மடங்கு திடீரென்று எகிறும். பேச்சுக்கு வைத்த அளவிலேயே பதிவு செய்தால் ஒலி மீட்டர் உச்சியில் போய் முட்டும். கேட்கும்போது கணீரென்ற தட்டல் கிழிந்த சத்தமாக வரும். கிழிந்ததைப் பிறகு ஒட்ட முடியாது. ஆகவே கொத்து உச்சத்தில் நடக்கும்போது அளவை வைத்துப் பார்த்து, மீட்டர் உச்சிக்குக் கீழே நன்றாக இடம் விட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். யாரும் எதுவும் பேசாமல் வெறும் கடைச் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகவும் பதிந்துகொள்ள வேண்டும். எடிட்டிங்கில் இரவுக் காட்சிக்கு மேல் மத்தியானக் குரலை வைத்து, இந்தக் கடைச் சத்தத்தை அடியில் மெல்ல ஓடவிட்டால் இரண்டும் கேட்கும்.

கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் மரியாதையைச் சேர்ந்ததுதான். வாடிக்கையாளர்களுக்கு முதுகு காட்டி, கல்லை நோக்கி நின்றால் சாப்பிடுகிறவர்களின் முகம் பதிவாகாது, பார்சலுக்கு நிற்கிறவர்களுக்கு வழியும் மறிக்காது. சாப்பிட்டதற்குக் காசு கொடுத்துவிட வேண்டும். மாஸ்டர் வேண்டாம் என்றாலும்.

கடையோடு சேர்த்துத் தெருக்களையும் நடந்து காட்டுகிறவர்கள் நடையைச் சத்தத்தை வைத்தே பிரித்துக்கொள்ளலாம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, ஆகவே நடை வெளியே சித்திரை வீதியில்தான் தொடங்கும். அங்கே வண்டிகள் போவதில்லை. நடந்துகொண்டே சாதாரணக் குரலில் பேசலாம். ஊர் வரலாறு சொல்வதெல்லாம் அங்கேயே முடிந்துவிட வேண்டும். வெளியே மாசி வீதிக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு தெருவையே பேசவிட்டு, சொல்ல வேண்டியதை வீட்டில் தனியாகப் பதிந்து சேர்ப்பது மேல்.

சத்தத்தைக் குறைக்கும் மென்பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. அடுப்பு ப்ளோயர், ஃபேன் போல ஒரே சீராக ஓடும் இரைச்சலை அது நன்றாகவே நீக்கும். ஆனால் பக்கத்தில் நாலு பேர் பேசுவதும் குரல்தான், மாஸ்டர் பேசுவதும் குரல்தான். பழைய முறை மென்பொருள்களுக்கு இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாது. அதிகமாக அழுத்தினால் மாஸ்டர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். டீக்கடைப் பாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: யூடியூப் அந்தப் பாட்டை அடையாளம் கண்டு, வீடியோவின் வருமானத்தைப் பாட்டின் உரிமையாளருக்குத் திருப்பிவிடக்கூடும். பாட்டு முடியும்வரை காத்திருப்பதே சுலபமான வழி.

வீடியோ ஓடிவிட்டால் அடுத்த நாள் கூட்டம் குவியலாம். அன்றைக்குப் பிசைந்த மாவு அன்றைக்குத்தான். புதிதாக வருகிறவர்கள் வரிசையில் நிற்க, தினமும் சாப்பிடுகிற ஆட்டோக்காரரும் கூலித் தொழிலாளியும் வெறுங்கையோடு திரும்புவார்கள். தெருவை அடைத்து வண்டிகள் நின்றால் போலீஸ் வந்து கேட்கப்போவதும் மாஸ்டரைத்தான். அதனால் மேப் இணைப்புப் போடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

எடிட் செய்த வீடியோவை ஏற்றும் முன்பு ஒரு மத்தியானம் மறுபடியும் போய், ஹெட்போனை மாஸ்டர் காதில் வைத்து முழுவதையும் போட்டுக் காட்டுங்கள். தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிய வேண்டும். எந்த இடத்திலாவது "இதை எடுத்துருங்க தம்பி" என்றால் அதை எடுத்துவிட வேண்டும். அவர் தலையசைத்த பிறகு ஏற்றலாம்.