மினுக்காத ஒளிவட்டம்

வீடியோ கேமில் தெருவிளக்கைச் சுற்றிப் பரவும் ஒளிவட்டத்துக்கு ‘ப்ளூம்’ என்று பெயர். குறிப்பிட்ட பிரகாசத்தைத் தாண்டிய பிக்சல்களை மட்டும் பிரித்தெடுத்து, படிப்படியாகப் பாதி அளவாகச் சுருக்கி, மங்கலாக்கி, மீண்டும் பெரிதாக்கி மூலப்படத்தின் மேல் சேர்ப்பார்கள்.

ஈரத்தரையில் ஒற்றைப் பிக்சல் அளவில் ஒரு பளபளப்பு இருந்தால் சிக்கல் தொடங்கும். கேமரா சற்று நகர்ந்தாலே அது ஒரு ஃப்ரேமில் தோன்றி, அடுத்ததில் மறையும். அதன் பிரகாசம் 100, அருகிலுள்ள மூன்று பிக்சல்களும் 0 என்றால், நான்கின் சராசரி 25. அதுவே பெரிய ஒளிவட்டமாகப் பரவி, அணைந்து அணைந்து எரியும்.

2014 சிக்ராஃப் மாநாட்டில் ‘கால் ஆஃப் டூட்டி: அட்வான்ஸ்டு வார்ஃபேர்’ விளையாட்டின் காட்சி நுட்பங்களைப் பற்றிப் பேசிய ஹோர்ஹே ஹிமெனெஸ், இதற்கு பிரையன் காரிஸின் சராசரி முறையைக் கையாண்டதை விளக்கினார். ஒவ்வொரு பிக்சலுக்கும் 1/(1+பிரகாசம்) என எடை கொடுத்துச் சராசரி எடுப்பதே அந்த முறை. பிரகாசம் கூடக் கூட எடை குறையும். நம் கணக்கில் 25 என்பது சுமார் 0.33 ஆகிவிடும். நான்கு பிக்சல்களும் 100 என்றால் சராசரி 100 ஆகவே நிற்கும். பெரிய விளக்குகளுக்குப் பாதிப்பில்லை.

தொலைவிலுள்ள சிறு விளக்குகளின் ஒளிவட்டமும் மங்கும் என்பதே இதன் விலை. ஆகவே முதல் சுருக்கலில் மட்டும் இதைச் செய்யுங்கள்; கேமராவை மெல்ல நகர்த்தி, மினுக்கம் நின்றதா என்று பாருங்கள்.