ரீசார்ஜ் ஒப்பீட்டுச் செயலிகளும் நாள் கணக்கும்

ரீசார்ஜ் பிளான்களை ஒப்பிடும் செயலியில் பத்து இலக்க எண்ணைத் தட்டியதும், அது முதலில் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடிக்க முயல்கிறது. அந்த எண் எந்த நிறுவனத்துடையது? எந்த வட்டத்தைச் சேர்ந்தது? தொலைத்தொடர்புக்காக இந்தியா 22 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சென்னையும் புதுச்சேரியும் தமிழ்நாடு வட்டத்துக்குள்ளேயே அடங்கும். ஒரே நிறுவனத்தின் பிளான்கள்கூட வட்டத்துக்கு வட்டம் மாறலாம் என்பதால் இந்த இரண்டும் சரியாக அமைந்தால்தான் மற்றதெல்லாம் சரியாக வரும். முன்பு எண்ணின் முதல் சில இலக்கங்களை வைத்தே நிறுவனத்தைச் சொல்லிவிட முடிந்தது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த பிறகு அந்த அடையாளம் பொய்த்துப்போனது. ஆகவே, அண்மையில் வேறு நிறுவனத்துக்கு மாறிய எண்ணுக்குச் செயலி பழைய நிறுவனத்தின் பட்டியலைக் காட்டக்கூடும். திரையின் மேலே உள்ள நிறுவனப் பெயரையும் வட்டத்தின் பெயரையும் முதலில் பார்த்துத் திருத்திக்கொள்வது நல்லது.

அடுத்து வரும் பட்டியலில் விலை, வேலிடிட்டி, டேட்டா, அழைப்பு என்று நான்கு விவரங்கள் இருக்கும். பெரும்பாலானோரின் கண் போவது விலைக்கு. பிளான்களை ஒப்பிடுவதற்கு அந்த எண் மட்டும் உதவாது, ஏனென்றால் ஒவ்வொரு விலையும் வெவ்வேறு நாள் கணக்குக்கு உரியது. விலையை நாட்களால் வகுத்தால் கிடைக்கும் ஒருநாள் செலவுதான் பிளான்களை ஒரே தட்டில் வைத்து நிறுக்க உதவும் அளவு.

2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது ஜியோ அறிவித்த பட்டியலை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். விலைகள் அதன் பிறகு மாறியிருக்கலாம், கணக்கிடும் முறை மாறாது. தினம் 1.5 ஜிபி தரும் பிளான் அந்தப் பட்டியலில் 28 நாளுக்கு 299 ரூபாய், 84 நாளுக்கு 799 ரூபாய். முதலாவதில் ஒருநாள் செலவு 10 ரூபாய் 68 காசு, இரண்டாவதில் 9 ரூபாய் 51 காசு. இதுவரை எதிர்பார்த்ததுதான், மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஆனால் அதே பட்டியலில் தினம் 2 ஜிபி தரும் 84 நாள் பிளான் 859 ரூபாய். அதன் ஒருநாள் செலவு 10 ரூபாய் 23 காசு. அதாவது, கூடுதல் டேட்டா தரும் பிளான், குறைந்த டேட்டா தரும் 28 நாள் பிளானைவிட ஒருநாள் கணக்கில் மலிவு. ஜியோ அப்போது அன்லிமிடெட் 5ஜி-யைத் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களுக்கு மட்டும் என்று வரையறுத்ததால், 5ஜி போன் வைத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் இன்னும் பெரிது. விலை வரிசையில் அடுக்கப்பட்ட பட்டியலில் 299-உம் 859-உம் எங்கோ தள்ளித் தள்ளி நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றாது. ஒருநாள் செலவின்படி அடுக்கும் வசதி ஒரு செயலியில் இருந்தால் அதுவே அதன் மிகப் பயனுள்ள பொத்தான். இல்லையென்றால் போனிலுள்ள கால்குலேட்டர் போதும்.

28 நாள் என்பதும் தனியே கவனிக்க வேண்டிய எண். ஒரு வருடத்தில் 28 நாள் பதின்மூன்று முறை வரும். மாதம் ஒரு ரீசார்ஜ் என்று மனதில் பன்னிரண்டு எண்ணிக்கொள்பவர் உண்மையில் பதின்மூன்று முறை பணம் கட்டுகிறார். இதுகுறித்து எழுந்த புகார்களைத் தொடர்ந்து 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உத்தரவு போட்டது. 30 நாள் வேலிடிட்டி உள்ள பிளானையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கக்கூடிய பிளானையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்படி வந்த மாதாந்தரப் பிளான் ஒன்று ஜியோவில் 319 ரூபாய்க்கு இருந்தது, டேட்டா அதே 1.5 ஜிபி. பார்வைக்கு 299-ஐவிட 20 ரூபாய் அதிகம். வருடக் கணக்கில் பன்னிரண்டு 319 என்பது 3,828 ரூபாய், பதின்மூன்று 299 என்பது 3,887 ரூபாய். விலை அதிகமாகத் தெரிந்த பிளானில்தான் 59 ரூபாய் மிச்சம். ஒப்பீட்டுச் செயலிகளில் பல, 28 நாள், 30 நாள், மாதாந்தரம் மூன்றையும் ‘1 மாதம்’ என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடுகின்றன. அங்கே கொஞ்சம் நிதானித்து நாளை எண்ண வேண்டும்.

இதே குழப்பம் வருடப் பிளானிலும் உண்டு. டேட்டா தேவையில்லாதவர்களுக்கு அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் கொண்ட பிளான் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. சாதாரண பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள், இரண்டாவது சிம்மை வெறுமனே உயிரோடு வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இது நெடுநாள் தேவை. 2025 ஜனவரியில் ஜியோ அப்படி ஒரு பிளானை 365 நாளுக்கு 1,958 ரூபாய் என்று அறிவித்தது. சில நாட்களில் அதை 1,748 ரூபாயாகக் குறைத்தது. 210 ரூபாய் குறைப்பு பெரிதாகத்தான் தெரியும். ஆனால் வேலிடிட்டியும் 365 நாளிலிருந்து 336 நாளாகக் குறைந்தது. ஒருநாள் செலவு 5 ரூபாய் 36 காசிலிருந்து 5 ரூபாய் 20 காசுக்கு இறங்கியது, அவ்வளவே. 336 என்பது பன்னிரண்டு 28. பதினோரு மாதத்துக்குக் கொஞ்சம்தான் கூட.

டேட்டா பகுதியில் செயலிகள் பெரும்பாலும் மொத்தத்தைக் காட்டும். தினம் 1.5 ஜிபி என்பதை 28 நாளால் பெருக்கி ‘42 ஜிபி’ என்று போட்டிருக்கும். அந்த 42 ஜிபியை விரும்பியபடி செலவழிக்க முடியாது. நள்ளிரவு 12 மணிக்கு அன்றைய மீதி போய்விடும், புதிய 1.5 ஜிபி தொடங்கும். வார நாட்களில் அரை ஜிபி மட்டும் செலவழித்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டு சினிமா பார்ப்பவருக்கு அந்த மொத்தம் காகிதக் கணக்குதான். அளவு தீர்ந்ததும் இணைப்பு அறுந்துவிடாது, வேகம் பொதுவாக விநாடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கும். அந்த வேகத்தில் ஒரு எம்பி அளவுள்ள ஒரே ஒரு படம் இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். தினமும் ஏதோ ஒரு நேரத்துக்குப் பிறகு வாட்ஸ்அப் செய்தி மட்டும் போய், படங்கள் சுற்றிக்கொண்டே நின்றால் காரணம் சிக்னல் அல்ல, அன்றைய அளவு தீர்ந்திருக்கிறது. வோடபோன் ஐடியாவின் சில பிளான்களில் வார நாட்களின் மீதியைச் சனி, ஞாயிறில் பயன்படுத்தும் வசதி உண்டு. அந்த மாதிரிச் சலுகை, எண்களை மட்டும் ஒப்பிடும் பட்டியலில் அகப்படாது.

ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று அடுக்கிக் காட்டும் வசதி பார்க்க நியாயமாகத் தோன்றினாலும் குறைவாகப் பயன்படுத்துபவரைத் தவறான பக்கம் இழுத்துவிடும். 2024 ஜூலை பட்டியலில் 84 நாளுக்கு மொத்தம் 6 ஜிபி தரும் பிளான் 479 ரூபாய். ஒரு ஜிபி ஏறத்தாழ 80 ரூபாய் ஆகிறது. 859 ரூபாய் பிளானில் ஒரு ஜிபி 5 ரூபாய் 11 காசு. இந்த வரிசையில் 479 கடைசியில் போய் நிற்கும். வீட்டில் வைஃபை இருந்து, வெளியே போகும்போது மட்டும் யுபிஐ பணம் கட்டவும் வாட்ஸ்அப் பார்க்கவும் டேட்டா வேண்டியவருக்கோ அதுதான் சரியான பிளான். நாளுக்கு 5 ரூபாய் 70 காசில் காரியம் முடிகிறது. தேர்ந்தெடுப்பதற்கு முன் போனின் அமைப்புகளில் கடந்த மாத மொபைல் டேட்டா செலவு எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது, எந்தச் செயலியின் பரிந்துரையையும்விட நம்பகமானது.

அழைப்புப் பகுதியில் எல்லாப் பிளானிலும் ‘அன்லிமிடெட்’ என்றே இருக்கும். இந்தியாவுக்குள் எந்த நிறுவன எண்ணுக்கும் பேசலாம் என்பது அதன் பொருள். வெளிநாட்டு அழைப்பு அதில் சேராது. எஸ்.எம்.எஸ் விஷயத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. சில பிளான்கள் தினம் 100 தரும், சில மொத்தமாக ஓர் எண்ணிக்கை தரும், டேட்டா மட்டும் உள்ள பேக்கில் ஒன்றும் இருக்காது. வங்கியிலிருந்து வரும் ஓடிபி உள்வரும் செய்தி என்பதால் அது இந்தக் கணக்கில் வராது. ஆனால் புதிய போனில் யுபிஐ செயலியைப் பதிவு செய்யும்போது அது அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்பியாக வேண்டும். பிளானில் எஸ்.எம்.எஸ் இல்லை, மெயின் பேலன்சும் இல்லை என்றால் பதிவு பாதியில் நின்றுவிடும்.

பணம் வீணாகும் தவறுகளில் அடிக்கடி நடப்பது, டேட்டா பேக்கை முழுப் பிளான் என்று நினைத்து வாங்குவது. விலையைக் குறைந்ததிலிருந்து அடுக்கினால் முதலில் வந்து நிற்பவை சிறு தொகை டேட்டா பேக்குகள். அவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அடிப்படைப் பிளானின் மேல் கூடுதல் டேட்டா தருபவை, எண்ணின் வேலிடிட்டியை ஒருநாள்கூட நீட்டாதவை. அடிப்படைப் பிளான் முடிந்த பிறகு இதைப் போட்டால் பணம் போகும், அழைப்பு வராது. பிளான் விவரத்தைத் திறந்து பார்க்கையில் அழைப்பு என்ற வரி காலியாகவோ கோடு போட்டோ இருந்தால் அது டேட்டா பேக்.

செயலி காட்டும் வரிசை முழுக்க நடுநிலையானது என்று கொள்ள முடியாது. ரீசார்ஜ் செய்து தரும் செயலிகள் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து கமிஷன் பெறுகின்றன, ‘பரிந்துரை’, ‘பிரபலம்’ என்ற தலைப்புகளில் மேலே வருவது விற்க விரும்பும் பிளானாகவும் இருக்கலாம். எதையும் விற்காத இடம் ஒன்று உண்டு. நிறுவனங்கள் புதிய கட்டணத்தை அறிமுகப்படுத்திய ஏழு வேலை நாட்களுக்குள் டிராயிடம் தெரிவிக்க வேண்டும். அந்த விவரங்களைப் பொதுமக்கள் தேடிப் பார்ப்பதற்காக tariff.trai.gov.in என்ற தளத்தை டிராய் 2018-இல் தொடங்கியது. வட்டத்தையும் நிறுவனத்தையும் குறிப்பிட்டால் பிளான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தனியார் செயலிகளின் பளபளப்பு அதில் இல்லை, கமிஷனும் இல்லை. இன்னொரு பக்கம், சில பிளான்களை நிறுவனங்கள் தங்கள் சொந்தச் செயலியில் மட்டுமே விற்கின்றன.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன், தேர்ந்தெடுத்த தொகையை அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ தளத்திலோ ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். நிறுத்தப்பட்ட பிளான் ஒப்பீட்டுச் செயலியில் சில நாட்கள் தொங்கிக்கொண்டிருப்பது உண்டு, அதே தொகையில் நாளோ டேட்டாவோ மாறியிருப்பதும் உண்டு. கடைசித் திரையில் ‘பிளாட்ஃபார்ம் கட்டணம்’ என்று ஓரிரு ரூபாய் சேர்கிறதா என்றும் பார்க்கலாம். அது 3 ரூபாய் என்றால் 28 நாள் பிளானில் இருப்பவருக்கு வருடத்துக்கு 39 ரூபாய், 84 நாள் பிளானில் இருப்பவருக்கு ஏறக்குறைய 13 ரூபாய். நிறுவனத்தின் சொந்தச் செயலியில் அந்தக் கட்டணம் இல்லையென்றால், ஒப்பிடுவதை ஓரிடத்திலும் பணம் கட்டுவதை இன்னோர் இடத்திலும் செய்யலாம்.