சம்பளம் 18,000, எத்தனை மணி நேரத்துக்கு?

"செக்யூரிட்டி ஆட்கள் தேவை. வயது 20 முதல் 50. உயரம் ஐந்தரை அடி. 12 மணி நேர டியூட்டி, டே / நைட். சம்பளம் 18,000. தங்குமிடம் இலவசம். யூனிஃபார்ம் தரப்படும். உடனே சேரலாம்." பஸ் ஸ்டாப் சுவரிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் காவலர் வேலை அறிவிப்புகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். வேலை தேடுகிறவரின் கண் நேராகச் சம்பளத்துக்குப் போகும். அதோடு 12 என்ற எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சட்டப்படி ஒரு நாள் வேலை 8 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. மாதம் 26 நாளுக்கு 208 மணி நேரம். இந்த அறிவிப்பில் வார விடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. 30 நாளும் 12 மணி நேரம் என்றால் 360 மணி நேரம். கூடுதலாக உழைக்கும் 152 மணி நேரத்துக்கு இரட்டைக் கூலி தரவேண்டும் என்பதால் அதை 304 என்று கணக்கில் எடுக்க வேண்டும். 208-உம் 304-உம் சேர்ந்து 512. பதினெட்டாயிரத்தை 512-ஆல் வகுத்தால் மணிக்கு 35 ரூபாய் சொச்சம். அதாவது, எட்டு மணி நேர வேலைக்கு இவர்கள் உண்மையில் தர நினைப்பது மாதம் ஏறக்குறைய 7,300 ரூபாய். காவலர் வேலைக்கு அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட வேண்டியது இந்தத் தொகையைத்தான்.

'டே / நைட்' என்பதற்குள் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஒரு கேட்டுக்கு இரண்டே பேர் என்றால் ஷிப்ட் எப்படி மாறும்? ஞாயிறு காலை 8 மணிக்கு வருகிற பகல் காவலர் அன்றிரவும் அங்கேயே இருந்து, திங்கள் காலை 8 மணிக்குத்தான் வீட்டுக்குப் போவார். அப்போதுதான் மற்றவருக்கு ஒரு நாள் ஓய்வு. ஒருவர் 24 மணி நேரம் நின்றால்தான் இன்னொருவருக்கு விடுப்பு. மாற்று ஆள் வராத நாளிலும் இதே கதைதான். மூன்று ஷிப்டா, ரிலீவர் உண்டா என்று சேரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

உடல் தகுதிக்கு மத்திய மாதிரி விதிகள் அளவு சொல்கின்றன. ஆண்களுக்கு உயரம் 160 செ.மீ., மார்பளவு 80 செ.மீ., மூச்சிழுத்தால் 4 செ.மீ. விரிய வேண்டும். ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். புதியவருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் கட்டாயம், குறைந்தது 20 வேலை நாட்களில். 'உடனே சேரலாம்' என்று போட்டிருக்கும் இடத்தில் இந்தப் பயிற்சி எப்போது நடக்கும்? தீ அணைக்கும் கருவியைப் பிடிக்கக் கற்றுத்தராமலே ஒருவரை நள்ளிரவில் ஒரு கட்டடத்தின் முன் தனியாக நிறுத்துவது அவருக்கும் ஆபத்து, உள்ளே தூங்குகிறவர்களுக்கும் ஆபத்து.

யூனிஃபார்ம் 'தரப்படும்' என்றால் இலவசம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சட்டை, ஷூ, தொப்பிக்கு முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்வது பரவலான வழக்கம். எவ்வளவு பிடிப்பார்கள், வேலையை விட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிஎஃப் பிடித்தால் யுஏஎன் எண்ணையும், இஎஸ்ஐ பிடித்தால் காப்பீட்டு எண்ணையும் முதல் சம்பளச் சீட்டோடு கேளுங்கள். அந்த எண்கள் வராவிட்டால், பிடித்த பணம் உங்கள் கணக்கில் சேரவில்லையோ என்று சந்தேகப்பட இடமுண்டு.